மழை நாளில் பி.டி. பீரியடைக் காப்பாற்றுவது எப்படி?

ஐப்பசி பிறந்தால் பள்ளிக்கூடத்தில் இரண்டு பேர் வானத்தை அண்ணாந்து பார்ப்பார்கள். ஒருவர் உடற்கல்வி ஆசிரியர், இன்னொருவர் கணக்கு டீச்சர். கலெக்டர் லீவு விடும் அளவுக்குக் கொட்டினால் இருவருக்கும் நஷ்டமில்லை. லீவு விடாத அளவுக்கு, ஆனால் கிரவுண்டைக் குளமாக்கும் அளவுக்குப் பெய்யும் மழைதான் வில்லங்கம். இரண்டாவது பீரியடிலேயே ஸ்டாஃப் ரூமில் ஒரு குரல் இனிக்க இனிக்க வரும்: "சார், கிரவுண்டுல தண்ணி நிக்குதே. எட்டு பி-யை நான் எடுத்துக்கட்டுமா? போர்ஷன் முடியல."

இந்தக் கேள்விக்கு "பார்க்கலாம் டீச்சர்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். பள்ளிக்கூட வழக்கில் அதற்கு "எடுத்துக்கோங்க" என்று அர்த்தம். இருபது வருடங்களில் இப்படி எத்தனை பீரியடை இழந்தேன் என்று நான் எண்ணவில்லை. எண்ணியிருந்தால் கணக்கு டீச்சரே கூட்டிக் கொடுத்திருப்பார். ஆகவே புதிதாக வேலைக்கு வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு அனுபவத்தில் கண்ட செய்முறையை இங்கே எழுதிவைக்கிறேன். சமையல் குறிப்பு மாதிரி வைத்துக்கொள்ளுங்கள்.

தேவையானவை: 20 அடிக்கு 20 அடி வகுப்பறை ஒன்று, 42 பிள்ளைகள், பிறந்தநாள் பலூன் ஒரு பாக்கெட், சணல் கயிறு, விநாடி முள் உள்ள கைக்கடிகாரம், பழைய செய்தித்தாள். உப்பு தேவையில்லை, 42 பேரும் வியர்ப்பார்கள்.

"பள்ளியில்தான் ஹால் இருக்கிறதே?" என்று கேட்பவர் எங்கள் ஹாலைப் பார்த்ததில்லை. பிளஸ் ஒன் பிள்ளைகளுக்குக் கொடுக்க வந்த சைக்கிள்கள் அங்கே ஹேண்டில்பாரோடு ஹேண்டில்பார் கோத்துக்கொண்டு நிற்கின்றன. மழை இன்னும் வலுத்தால் அதுவே நிவாரண முகாம். ஹாலை மறந்துவிடுங்கள்.

முதல் வேலை, கிரவுண்டு ஆகுமா ஆகாதா என்று நீங்களே போய்ப் பார்ப்பது. ஸ்டாஃப் ரூம் ஜன்னல் வழியாகக் கணக்கு டீச்சர் பார்த்துச் சொல்வதை நம்பக் கூடாது. எங்களுடையது டெல்டாவின் களிமண். செம்மண் கிரவுண்டு வைத்திருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள், மழை விட்டு அரை நாள் வெயில் அடித்தால் பந்தை எடுத்துவிடலாம். களிமண் மேலே காய்ந்த மாதிரி பாவனை காட்டி உள்ளே ஈரத்தைப் பொத்தி வைத்திருக்கும். குதிகாலை ஊன்றி உடம்பின் பாரத்தை அதில் போட்டு, காலை அரைவட்டம் திருப்புங்கள். குழிக்குள் தண்ணீர் கசிந்தாலும், செருப்படியில் மண் அடையாக ஒட்டிக்கொண்டு வந்தாலும் அன்றைக்கு அங்கே ஓட விடாதீர்கள். வழுக்கி விழுவது ஒரு பக்கம் இருக்கட்டும். ஈரக் களிமண்ணில் 40 பேர் ஓடிய குழிகள் காய்ந்தபின் கல் மாதிரி இறுகி, பொங்கல் வரைக்கும் கணுக்காலைப் பிசகவைக்கும். நான் இந்தச் சோதனையைத் தினமும் மூன்று இடத்தில் செய்கிறேன். மூன்றாவது இடம் தேவையே இல்லை. நான் தீவிரமாக ஆராய்வது ஸ்டாஃப் ரூம் ஜன்னலுக்குத் தெரியட்டும் என்றுதான்.

இனி வகுப்பறை. 40 நிமிட பீரியடில் பெஞ்சுகளை நகர்த்த 4 நிமிடம், திரும்பப் போட 4 நிமிடம் ஒதுக்குங்கள். பெஞ்சை இழுக்க விடாதீர்கள், தூக்க வையுங்கள், ஒரு பெஞ்சுக்கு நான்கு பேர். இழுத்தால் எழும் 'கிரீச்' சத்தத்துக்குப் பக்கத்து அறையிலிருந்து தலைமை ஆசிரியர் எழுந்து வருவார். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கவும் கூடாது. அடுக்கிய பெஞ்சு பார்க்க அடக்கமாக இருக்கும், ஒரு பையன் சாய்ந்ததும் சரியும். பாதியை வராந்தாவில், சாரல் படாத பக்கமாக ஒதுக்குங்கள். மீதியைப் பின்சுவரோடு நெருக்கிவிடுங்கள். எங்கள் வகுப்பில் கரும்பலகைக்குக் கீழே அரை அடி உயர மேடை ஒன்று உண்டு. மேடை போக, அதற்கு முன்னால் இரண்டடி வழி போக, பின்னால் பெஞ்சு போக, குறுக்கே 20 அடி அகலமும் நெடுக்கே 12 அடி நீளமும் மிஞ்சியது.

இந்த இடத்தில் 42 பேரை ஓடவிட்டால் சுவர்தான் ஜெயிக்கும். ரொம்ப நாள் யோசித்தேன். பிறகுதான் ஓடாமலே, நிற்கக்கூடச் செய்யாமல் ஆடும் ஓர் ஆட்டம் உலகத்தில் இருப்பது ஞாபகம் வந்தது. உட்கார்ந்து ஆடும் வாலிபால். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, 1980-லிருந்து பாராலிம்பிக்கில் இருக்கிறது. ஆடுகளம் 10 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம். வலையின் உயரம் ஆண்களுக்கு 1.15 மீட்டர், பெண்களுக்கு 1.05 மீட்டர். பக்கத்துக்கு 6 பேர். பந்தைத் தொடும் நேரத்தில் பிருஷ்டத்திலிருந்து தோள் வரைக்கும் உள்ள உடம்பில் ஏதாவது ஒரு பகுதி தரையில் பட்டுக்கொண்டிருக்க வேண்டும். எம்பி எழுந்து அடித்தால் தவறு. எங்கள் வகுப்பறையின் அகலம் 20 அடி, அதாவது 6 மீட்டருக்குக் கொஞ்சம் கூடவே இருக்கும். சர்வதேச அகலம்! நீளம் மட்டும் நான்கு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அதைத் தலைமை ஆசிரியரிடம் சொல்ல வேண்டியதில்லை.

நிஜப் பந்தை வைத்து ஆடினால் முதல் அடியில் டியூப்லைட், இரண்டாவதில் ஃபேன், மூன்றாவதில் உங்கள் இன்கிரிமென்ட். பலூன்தான் சரி. ஒரு பலூனுக்குள் இன்னொரு பலூனைப் பென்சிலின் மழுங்கிய முனையால் நுழைத்து, உள்ளே இருப்பதை ஊதிக் கட்டிவிட்டு வெளியே இருப்பதையும் கட்டுங்கள். ஒற்றைப் பலூன் கொஞ்சம் பஞ்சு மாதிரி மிதந்து பொறுமையைச் சோதிக்கும். இரட்டைப் பலூன் சற்று வேகமாக இறங்கும், பெஞ்சு ஆணியில் பட்டாலும் அவ்வளவு சீக்கிரம் வெடிக்காது. பலூனில் இன்னொரு நியாயமும் இருக்கிறது. எவ்வளவு ஓங்கி அடித்தாலும் காற்று அதைப் பிடித்துக்கொள்வதால் நாலடி போய் நின்றுவிடும். கிரவுண்டில் சர்வீஸ் அடித்தே ஆட்டத்தை முடிக்கும் தடியன் இங்கே வெறும் ஆள். எங்கே விழப்போகிறது என்று பார்த்துக் கையை ஊன்றி முன்கூட்டியே நகரும் ஆளுக்குத்தான் புள்ளி. முதல் நாள் அதிகப் புள்ளி எடுத்தது, கிரவுண்டில் எப்போதும் கடைசியாகத் தேர்ந்தெடுக்கப்படும் ஒரு குட்டிப் பெண்.

பலூன் ஆடும்போது ஃபேனை நிறுத்திவிடுங்கள். இதைச் சொல்லித் தர வேண்டுமா என்று கேட்காதீர்கள், நான் பட்டுத்தான் கற்றேன். நிறுத்தினால் புழுக்கம், ஆகவே சாரல் அடிக்காத பக்கத்து ஜன்னல்களைத் திறந்துவையுங்கள். பலூன் வெடித்தால் துண்டுகளை உடனே எண்ணிப் பொறுக்கிக் குப்பையில் போடுங்கள். சின்ன வகுப்புப் பிள்ளைகளிடம் இந்த ஆட்டமே வேண்டாம், ரப்பர் துண்டு வாய்க்குள் போனால் மூச்சுக்குழாயை அடைத்துவிடும்.

வலைக்கு, இந்தச் சுவர் ஜன்னல் கம்பியிலிருந்து அந்தச் சுவர் ஜன்னல் கம்பிக்குச் சணல் கயிறு. உங்கள் இடுப்புக்குக் கொஞ்சம் மேலே கட்டினால் உயரம் சரியாக வரும். வெறும் கயிறென்றால் பலூன் மேலே போனதா கீழே போனதா என்று பஞ்சாயத்து நடக்கும். எதையாவது தொங்கவிட வேண்டும். முதல் தடவை நான் புத்திசாலித்தனமாக ஒரு காரியம் செய்தேன். பிள்ளைகளின் ரெயின்கோட்டுகள் மூலையில் குவிந்து கிடந்தன. வரிசையாகக் கயிற்றில் மாட்டினேன், பார்க்க நிஜ வலை மாதிரியே இருந்தது. ஐந்தாவது நிமிடத்தில் வலைக்குக் கீழே ஒரு வாய்க்கால் ஓடியது. முன்வரிசைப் பையன் கையை ஊன்றி நகர்ந்தவன் அப்படியே வழுக்கி எதிரணிக்குள் போய்ச் சேர்ந்தான். அடி ஒன்றும் படவில்லை. ஆனால் கால்சட்டையின் பின்பக்கத்தைப் பார்த்த அவன் அம்மா மறுநாள் வாசலில் நின்றார். "படிக்க அனுப்பினேனா, தரையைத் துடைக்க அனுப்பினேனா?" ஆகவே செய்தித்தாள். பாதியாக மடித்துத் தொங்கவிட்டால் போதும். ஆட்டத்துக்கு முன்னால் தரையைப் பெருக்கி, ஈரத்தைக் காய்ந்த துணியால் துடைப்பது கட்டாயம். பிள்ளைகள் உள்ளங்கையால் தள்ளிக்கொண்டு நகர்வதால் மணல் இருந்தால் கையைக் கீறும், ஈரம் இருந்தால் மணிக்கட்டு மடங்கும். டைல்ஸ் தரை நல்லது. சொரசொரப்பான சிமென்ட் தரையென்றால் ஆளுக்கொரு கோணிச்சாக்கு.

பக்கத்துக்கு 6 பேர் என்றால் 12 பேர், நடுவர் ஒருவர், புள்ளி எழுத ஒருவர், ஆக 14. மீதி 28 பேர்? வேடிக்கை பார்க்க விட்டீர்களோ கெட்டீர்கள். வேடிக்கை பார்ப்பவன் கத்துவான். வகுப்பை 14, 14, 14 என்று மூன்றாகப் பிரியுங்கள். ஒரு குழு வலைக்கு, ஒரு குழு மேடைக்கு, ஒரு குழு வராந்தாச் சுவருக்கு. 8 நிமிடத்துக்கு ஒரு தடவை மாற்றம்.

வராந்தாச் சுவரில் நடப்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். முதுகைச் சுவரில் சாய்த்து, தொடை தரைக்குச் சமமாக, நாற்காலி இல்லாத நாற்காலியில் உட்கார வேண்டும். முட்டி கணுக்காலுக்கு நேர்மேலே இருக்கட்டும், விரல்களைத் தாண்டி முன்னால் வந்தால் காலை இன்னும் தள்ளி வைக்கச் சொல்லுங்கள். 30 விநாடி உட்கார்ந்து 30 விநாடி எழுந்து நிற்கலாம். கையைத் தொடையில் ஊன்றுவதுதான் இதில் திருட்டுத்தனம், மூச்சைப் பிடித்துக்கொள்வது தப்பு. வாய்விட்டு எண்ணச் சொன்னால் மூச்சு தானாக ஓடும். தொடைத் தசைக்கு இவ்வளவு சின்ன இடத்தில் இதைவிட நல்ல வேலை கிடையாது. ஒரே சிக்கல், நம் ஊரில் இதற்கு வேறு பெயர் உண்டு. வரிசையாக 14 பேர் சுவரோரம் அரைகுறையாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக்கொண்டு போன தலைமை ஆசிரியர், "இப்படித்தான் சார் இருக்கணும் டிசிப்ளின்" என்று என் முதுகில் தட்டிக்கொடுத்தார். பிள்ளைகளோ, "நாங்க என்ன சார் தப்பு பண்ணோம்?" என்றார்கள். பதினைந்தாவது ஆளாக நானும் அவர்களோடு உட்கார்ந்த பிறகுதான் அது பயிற்சி என்று நம்பினார்கள். 30 விநாடி முடிந்ததும் என்னை எழுப்பிவிட இரண்டு பேர் தேவைப்பட்டார்கள்.

இனி மேடை. கணக்கு டீச்சருக்கு எதிரான நம் பிரம்மாஸ்திரம் இங்கேதான் இருக்கிறது. அல்லது, இருப்பதாக நான் நினைத்தேன்.

14 பேரில் 7 பேர் ஏறி இறங்குவார்கள், அவர்களின் ஜோடிகள் 7 பேர் மேடையில் கரும்பலகைக்கு முதுகு காட்டி நின்று நாடி எண்ணுவார்கள். அடுத்த தடவை மேடைக்கு வரும்போது ஆள் மாறிக்கொள்ளலாம். ஹார்வர்டில் 1940-களில் இப்படி ஒரு சோதனையை உருவாக்கினார்கள். 20 அங்குல உயரப் பெட்டியில் நிமிடத்துக்கு 30 தடவை வீதம் 5 நிமிடம். அது திடகாத்திரமான இளைஞர்களுக்கானது. அதைப் பார்த்து வகுப்புப் பெஞ்சில் ஏறச் சொல்லிவிடாதீர்கள். நம் பெஞ்சில் ஒரு கால் எப்போதும் குட்டை, பிள்ளை ஏறும்போது பெஞ்சும் இறங்கும். அரை அடி மேடையும் 3 நிமிடமும் எட்டாம் வகுப்புக்குப் போதும்.

தாளம் முக்கியம். "ஏறு, ஏறு, இறங்கு, இறங்கு" என்று நான்கு அடி, அது ஒரு சுற்று. நிமிடத்துக்கு 24 சுற்று வர வேண்டும், அதாவது 96 அடி. செல்போனில் தாளக்கருவி வைக்கத் தெரிந்தவர்கள் வைக்கட்டும். எனக்குத் தெரிந்த வழி, கைக்கடிகாரத்தில் 5 விநாடிக்கு 8 அடி விழுகிறதா என்று பார்ப்பது. இரண்டு தடவை சரிபார்த்துவிட்டால் கை தானாகத் தட்டும். பறை பழகும் பையன் ஒருவன் வகுப்பில் இருந்தால் டெஸ்க்கை அவனிடம் விட்டுவிடுங்கள், உங்களைவிடச் சுத்தமாக நிற்பான். மழைக்காலத்தில் வீசிங் வரும் பிள்ளைகள், காய்ச்சலிலிருந்து எழுந்து வந்தவர்கள், இதயக் கோளாறு இருப்பவர்கள் ஏற வேண்டாம். அவர்கள்தான் நடுவர், புள்ளி எழுதுபவர், நாடி எண்ணுபவர். யார் யார் என்று முன்கூட்டியே கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள். மூச்சு இழுக்க ஆரம்பித்த பிறகு கேட்பது தாமதம்.

நாடி எண்ணுவது: கட்டைவிரல் பக்கமாக மணிக்கட்டில் ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டையும் மெதுவாக வைக்க வேண்டும். கட்டைவிரலால் பார்த்தால் அதன் சொந்தத் துடிப்பும் சேர்ந்து குழப்பும். 15 விநாடி எண்ணி 4-ஆல் பெருக்கினால் நிமிடக் கணக்கு. ஏறுவதற்கு முன் ஒரு தடவை, இறங்கியதும் ஒரு தடவை, ஒரு நிமிடம் கழித்து, இரண்டு நிமிடம் கழித்து. நான்கு எண்களையும் ஜோடி கரும்பலகையில் எழுத வேண்டும். முதல் நாள் பாதிப் பேருக்கு நாடியே அகப்படாது. "சார், இவனுக்கு இல்ல சார்" என்று ஒருவன் கதறியபோது, இல்லாதவன் கலவரமாகிவிட்டான். அமுக்கிப் பிடித்தால் துடிப்பு மறைந்துவிடும், விரலைத் தளர்த்தச் சொல்லுங்கள்.

ஒரு பெண்ணின் வரிசையைப் பாருங்கள். முன்னால் 20, அதாவது நிமிடத்துக்கு 80. இறங்கியதும் 30, ஆக 120. ஒரு நிமிடம் கழித்து 25, ஆக 100. இரண்டு நிமிடத்தில் 22, ஆக 88. நாம் பார்க்க வேண்டியது எவ்வளவு ஏறியது என்பதைவிட எவ்வளவு சீக்கிரம் இறங்குகிறது என்பதைத்தான். அதையும் ஒருவரோடு ஒருவரை ஒப்பிடப் பயன்படுத்தாதீர்கள். 15 விநாடியில் ஒரு துடிப்பை விட்டுவிட்டால் நிமிடக் கணக்கில் 4 குறைந்துவிடும், அவ்வளவு முரட்டுக் கணக்கு இது. அதே பிள்ளையின் எண்களை நான்கு மழை வாரங்களுக்கு வரிசையாக வைத்துப் பார்த்தால் ஏதோ தெரியும். ஏழு பேருக்கும் ஒரே எண் வந்திருந்தால் ஒருவன் எண்ணினான், மற்றவர்கள் பார்த்து எழுதினார்கள் என்று பொருள். பரீட்சைப் பழக்கம்.

இப்படி ஆடவைத்த ஒரு மழை நாளில் எல்லாம் ஒழுங்காகத்தான் போயிற்று. கைதட்டக் கூடாது, புள்ளிக்குச் சொடக்குப் போட்டால் போதும் என்று சொல்லியிருந்தேன். 42 பேர் வகுப்பில் சொடக்குச் சத்தம் வெளியே பெய்த மழையோடு கலந்துவிட்டது. மூன்றாவது சுற்று தொடங்கி ஒரு நிமிடம்தான் ஆகியிருக்கும், பலூன் ஜன்னல் கொக்கியில் பட்டு வெடித்தது. இரட்டைப் பலூன் வெடித்தால் இரட்டைச் சத்தம் என்பதை நான் யோசித்திருக்கவில்லை. பக்கத்து வகுப்பிலிருந்து கணக்கு டீச்சர் சாக்பீஸோடு ஓடி வந்தார். என்னமோ ஏதோ என்று நினைத்து வந்தவர் கண்ணில் கரும்பலகை பட்டது. முதல் குழு எழுதிவிட்டுப் போன 'இறங்கியதும்' கட்டத்தில் 28, 30, 31, 27, 32, 29, 52.

"இது யாருங்க சார் 52? நாலால பெருக்கினா 208 வருதே!"

"அவனுக்கு நாடி கிடைக்கல டீச்சர்," என்றான் ஜோடிக்காரன். "முதுகுல காதை வெச்சு எண்ணினேன்."

டீச்சர் ஒரு நொடி யோசித்தார். "லப்புன்னு ஒண்ணு, டப்புன்னு ஒண்ணு கேட்டுச்சா? ரெண்டையும் எண்ணினியா?" அவன் தலையாட்டினான். "அது ரெண்டும் சேர்ந்துதான்டா ஒரு துடிப்பு. பாதியாக்கு." 52-ஐ அடித்து 26 என்று எழுதினார். "இப்ப ஏழையும் கூட்டுங்க." 203 என்றார்கள். "ஏழால வகுங்க." 29. மீதியில்லாமல் வந்ததில் அவர் முகம் மலர்ந்துவிட்டது. "நாலால பெருக்கினா?" 116 என்று 42 பேரும் கத்தினார்கள். உட்கார்ந்த வாலிபாலும் சுவர் நாற்காலியும் அப்படியே நின்றுபோயின. "இதுக்குப் பேர்தான் சராசரி. அந்தத் தப்பான 52-ஐ விட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்? நோட்டை எடுங்க."

பெஞ்சைத் திரும்பப் போட வேண்டிய நிமிடங்களையும் சேர்த்து, மணி அடிக்கும்வரை அவர்தான் நடத்தினார். பிள்ளைகள் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து எழுதினார்கள். நான் பின்னால் நின்று இன்னொரு பலூனுக்குள் பலூனை நுழைத்துக்கொண்டிருந்தேன். வாசலில் திரும்பி, "வியாழக்கிழமையும் மழைன்னு ரேடியோல சொன்னாங்க சார்," என்றார் டீச்சர்.

"பார்க்கலாம் டீச்சர்," என்று என் வாயிலிருந்து தானாக வந்துவிட்டது.